போட்டோல இருக்குற மேசை விளக்கு எந்த கம்பெனி? தேடுனா எல்லாமே ஒரே பேரைத்தான் சொல்லுது

குறுவிழி | மார்ச் 3, இரவு 9.40

எங்கப்பா டிராஃப்ட்ஸ்மேனா இருந்தார். அவர் மேசையில ஒரு விளக்கு இருந்துச்சு, ரெண்டு கை, நடுவுல முழங்கை மாதிரி மடங்கும், ஸ்பிரிங் வச்சது, எங்க இழுத்து விட்டாலும் அங்கயே அசையாம நிக்கும். வீடு மாறுனப்ப எங்கயோ போயிடுச்சு. இப்ப என்கிட்ட இருக்குறது ஒரே ஒரு நெகட்டிவ் கீற்று மட்டும்தான், கவர்ல 1983ன்னு எழுதியிருக்கு. அதுல ஒரு ஃபிரேமை ஸ்கேன் பண்ணி இங்க போட்டிருக்கேன், அப்பா முகத்தை மட்டும் மறைச்சிட்டேன். அவர் குனிஞ்சு வரைஞ்சிட்டு இருக்கார், தலைக்கு மேல விளக்கு.

அதே விளக்கு ஒண்ணு வாங்கணும், வேற எதுக்கும் இல்ல. படத்தை போட்டுத் தேடுனா முதல் பக்கம் முழுக்க ஆங்கிள்பாய்ஸ் 1227, ஆங்கிள்பாய்ஸ் 1227ன்னு வருது. முப்பது ரிசல்ட்டாவது எண்ணியிருப்பேன். நானும் அதுதான்னு நம்பி ஆர்டர் போடுற வரைக்கும் போயிட்டேன், ஆனா விக்கிறவங்க போட்ட படத்தையும் அப்பா படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா ஏதோ ஒண்ணு இடிக்குது. அதுல கீழ சதுரமா படி படியா கனமான அடிப்பீடம் இருக்கு, அப்பாவோடது மேசை விளிம்புல முடுக்குற கிளாம்ப். அது மட்டும்தான் வித்தியாசமா இல்ல வேற ஏதாவது இருக்கான்னு என்னால சொல்ல முடியல. முப்பது இடத்துல ஒரே பேர் வந்தா அது சரியாத்தானே இருக்கணும்?

வழிப்போக்கன் | மார்ச் 3, இரவு 10.15

டின்ஐ (TinEye)ல போட்டுப் பாருங்க. ஒரு படத்தை அது முதல்ல எங்க பார்த்துச்சுன்னு சொல்லும், `Oldest`ன்னு வரிசைப்படுத்துனா ஒரிஜினலைக் கண்டுபிடிக்க உதவும். நான் பல தடவை அப்படித்தான் கண்டுபிடிச்சிருக்கேன்.

குறுவிழி | மார்ச் 3, இரவு 10.31

இது எங்க வீட்டு நெகட்டிவ்ங்க, இன்னைக்குத்தான் முதல் தடவையா நெட்டுக்கே வருது. ஒரிஜினல் என் கைல இருக்கு.

நடுராத்திரி | மார்ச் 4, காலை 12.50

கிளாம்ப் இருக்குல்ல, அப்ப அது 1227 இல்ல, முடிஞ்சது. 1227ன்னாலே படிக்கட்டு பீடம்தான். இன்னொண்ணும் கவனிங்க, உங்க படத்துல மேல் கையிலயும் ஸ்பிரிங் தெரியுது. அது லக்ஸோ. லக்ஸோ எல்-1, நார்வே கம்பெனி. அந்த துள்ளிக் குதிக்கிற விளக்கு பொம்மைப் படம் 1986ல வந்துச்சே, அந்த விளக்கேதான். நூறு சதவீதம்.

பழைய_திருகு | மார்ச் 4, காலை 7.05

நடுராத்திரி தம்பி சொன்னதுல ஒண்ணு சரி, ஒண்ணு தப்பு, ஒண்ணு அவசரம்.

தப்பு எதுன்னா கிளாம்ப். இந்த வகை விளக்குல பீடம்ங்கறது தனி உருப்படி. கையோட அடியில இருக்குற முளையை உருவி வேற பீடத்துல சொருகலாம், சுவத்துல மாட்டுறது, மேசையில முடுக்குறது, நிக்க வைக்கிறதுன்னு எல்லாத்துலயும் வித்தாங்க. நாப்பது வருஷத்துல யார் எதை மாத்துனாங்கன்னும் தெரியாது. அதனால பீடத்தை வச்சு இது இல்ல, அதுன்னு தீர்ப்பு சொல்லக் கூடாது.

சரி எதுன்னா ஸ்பிரிங். அதுதான் இந்தப் படத்துலயே முக்கியமான சாட்சி. ஜார்ஜ் கார்வர்டைன்னு ஒரு இங்கிலீஷ் இன்ஜினியர், கார் சஸ்பென்ஷன் வேலை பார்த்தவர், அவர் 1932ல பேடண்ட் எடுத்தது, ரெட்டிச் ஊர்ல ஹெர்பர்ட் டெர்ரி கம்பெனி அதை விளக்கா பண்ணாங்க, 1227 வந்தது 1935ல. அந்த 1227ல மூணு ஸ்பிரிங், மூணுமே கீழ, பீடத்துக்குப் பக்கத்துலயே கொத்தா இருக்கும். மேல் கையில ஸ்பிரிங்கே கிடையாது, மேல் கையோட எடையை ஒரு கம்பி வழியா கீழ கொண்டு வந்து அங்கதான் தாங்குவாங்க. லக்ஸோல அப்படி இல்ல. ஜேக்கப் ஜேக்கப்சன்னு நார்வேக்காரர் அந்த உரிமையை வாங்கி 1937ல எல்-1 பண்ணார், அதுல கீழ்க்கைக்குத் தனி ஸ்பிரிங், மேல் கைக்குத் தனி ஸ்பிரிங். நம்ம தோளுக்கு ஒரு தசை, முழங்கைக்கு ஒரு தசை இருக்குற மாதிரி. உங்கப்பா விளக்குல முழங்கைக்கு மேல ஸ்பிரிங் தெளிவாத் தெரியுது. ஆக 1227 இல்ல. அதுல எனக்கு சந்தேகமே இல்ல.

அவசரம் எதுன்னா, "அப்ப லக்ஸோ"ங்கறது. ரெண்டு கையிலயும் ஸ்பிரிங் வச்ச விளக்கை அப்புறம் எத்தனையோ கம்பெனி பண்ணாங்க. ஸ்வீடன்ல மட்டும் லெடு, ஃபாகர்ஹுல்ட்னு ரெண்டு எனக்கே தெரியும், இன்னைக்கு ஐகியா விக்கிற டெர்டியல் கூட அதே அமைப்புதான். பேரே போடாத காப்பியும் நிறைய. நீங்க கழிச்சது ஒரு கம்பெனியை, கண்டுபிடிச்சது ஒரு குடும்பத்தை.

பழைய_திருகு | மார்ச் 4, காலை 7.30

குறுவிழி கேட்ட முப்பது ரிசல்ட் கேள்விக்கு பதில் சொல்ல மறந்துட்டேன்.

முப்பது பேர் சொன்னாங்கன்னு நினைக்கிறீங்க, ஆனா முப்பது பேரும் தனித்தனியா பார்த்து சொல்லல. ஆங்கிள்பாய்ஸ்ங்கறது இங்கிலீஷ்காரங்க பேச்சுல இந்த மாதிரி விளக்கு எல்லாத்துக்குமே பொதுப் பேரா ஆயிடுச்சு. பழைய சாமான் விக்கிறவர் தன்கிட்ட இருக்குற எந்த ஸ்பிரிங் விளக்குக்கும் அந்தப் பேரைப் போடுவார், தேடுறவங்க அதைத்தான் டைப் பண்ணுவாங்கன்னு தெரியும் அவருக்கு. அடுத்தவர் அதைப் பார்த்து காப்பி அடிப்பார். படத்தேடல் என்ன பண்ணுது, உங்க படத்தோட மொத்த உருவத்துக்குக் கிட்ட வர்ற படங்களை எடுத்து வைக்குது, அந்தப் படத்துக்குப் பக்கத்துல என்ன எழுதியிருக்கோ அதையே பேராக் காட்டுது. விளக்கு எது மாதிரி இருக்குன்னுதான் அதுக்குத் தெரியும். எது என்னன்னு சொன்னது எல்லாம் அந்த விக்கிறவர்தான்.

வழிப்போக்கன் சொன்ன டின்ஐ இங்கதான் உதவும், கேள்வி வேறயா இருந்தாலும். அது ஒரே மாதிரிப் பொருளைத் தேடாது, அதே படத்தைத் தேடும். உங்க ரிசல்ட்ல வர்ற விளம்பரப் படத்தை ஒவ்வொண்ணா அதுல போட்டுப் பாருங்க, பத்து விளம்பரத்துல ஒரே போட்டோ சுத்தி வந்திருந்தா அது பத்து சாட்சி இல்ல, ஒண்ணுதான்.

குறுவிழி | மார்ச் 4, மதியம் 1.20

பார்த்தேன். முதல்ல வந்த எட்டு படத்துல அஞ்சு ஒரே போட்டோ, ஒண்ணுல மட்டும் வலது இடது திருப்பிப் போட்டிருக்காங்க, இன்னொண்ணுல பின்னணியை வெள்ளையாக்கியிருக்காங்க. மீதி மூணுல ரெண்டுல மேல் கையில ஸ்பிரிங் இருக்கு, ஆனா தலைப்புல 1227ன்னே போட்டிருக்கு. நீங்க சொன்னதை வச்சுப் பார்த்தா அந்த ரெண்டும் தப்பான பேர். அதுல ஒண்ணைத்தான் நான் ஆர்டர் போடப் பார்த்தேன்.

இப்ப யோசிச்சா அது எனக்கு வேண்டிய விளக்குக்குக் கிட்ட வந்திருக்கும், பேர்தான் தப்பு. மனசு கொஞ்சம் குழப்பமா இருக்கு.

தேன்சிட்டு | மார்ச் 4, மாலை 6.02

எனக்கும் இதே மாதிரி நடந்துச்சு அக்கா, விளக்கு இல்ல, வாஷிங் மெஷின் உள்ள இருந்து உடைஞ்சு விழுந்த ஒரு பிளாஸ்டிக் கொக்கி. எந்த இடத்துல இருந்து விழுந்துச்சுன்னே தெரியல. படமெடுத்துத் தேடுனா கர்டன் கொக்கி, கார் டோர் கிளிப்புன்னு என்னென்னமோ. அப்புறம் கொக்கி முதுகுல `>PA66-GF30<`ன்னு சின்னதா எழுத்து இருந்துச்சு, ஆஹா பார்ட் நம்பர் கிடைச்சிடுச்சுன்னு அதை டைப் பண்ணித் தேடி ரெண்டு நாள் வீணாப் போச்சு. ஆயிரக்கணக்குல ரிசல்ட், எதுவும் கொக்கி இல்ல.

பழைய_திருகு | மார்ச் 4, மாலை 6.40

அது பார்ட் நம்பர் இல்லம்மா. ரெண்டு பக்கமும் அம்புக்குறி மாதிரி அடைப்பு வந்தாலே அது பிளாஸ்டிக்கோட பேர். உங்களது நைலான் 66, அதுல 30 சதவீதம் கண்ணாடி நார். கழிவைப் பிரிக்கிறவங்களுக்காகப் போடுறது. பக்கத்துல சின்னதா கடிகாரம் மாதிரி வட்டம் இருந்துச்சா? சுத்தி 1ல இருந்து 12, நடுவுல ஒரு அம்பு, ரெண்டு இலக்கம்? அது வார்ப்பு அடிச்ச மாசமும் வருஷமும். பொருளோட வயசுக்கு அது ஒரு எல்லை, அதுக்கு முன்னாடி அந்த மெஷின் செஞ்சிருக்க முடியாது. பார்ட் நம்பர்னா பெரும்பாலும் நீளமான எண்ணா தனியா இருக்கும்.

தேன்சிட்டு | மார்ச் 4, மாலை 6.58

வட்டம் இருந்துச்சு! நான் அதை டிசைன்னு நினைச்சேன். சரி அது அப்புறம். அக்கா விளக்குக்கு வர்றேன், ஒண்ணு கேக்கணும், தப்பா நினைக்காதீங்க. உங்கப்பா இடதுகைக்காரரா?

குறுவிழி | மார்ச் 4, இரவு 8.11

இல்லையே. வலதுகைதான்.

குறுவிழி | மார்ச் 4, இரவு 8.14

கடவுளே. படத்துல பென்சில் இடது கைல இருக்கு. இத்தனை நாளா இந்தப் படத்தைப் பார்த்துட்டு இருக்கேன், எனக்குத் தோணவே இல்ல.

தேன்சிட்டு | மார்ச் 4, இரவு 8.20

சட்டைப் பையும் வலது மார்புல இருக்கு, அதான் கேட்டேன். நெகட்டிவை ஸ்கேனர்ல தலைகீழா வச்சிருப்பீங்க, பளபளப்பு இருக்குற பக்கம் மாறியிருக்கும். படம் முழுக்க கண்ணாடில பார்க்குற மாதிரி திரும்பியிருக்கு.

நடுராத்திரி | மார்ச் 4, இரவு 11.30

திரும்பியிருந்தா என்ன, விளக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதானே, தேடலுக்கு பெரிய வித்தியாசம் வராது. நான் திருப்பிப் போட்டும் தேடிப் பார்த்தேன், அதே ரிசல்ட்தான்.

பழைய_திருகு | மார்ச் 5, காலை 6.50

உருவத்துக்கு வித்தியாசம் வராது, எழுத்துக்கு வரும். ஷேடு மேல, கழுத்துக்குப் பக்கத்துல, ஒரு வெளிறின பட்டை தெரியுது பாருங்க. அது சின்னத் தகடோ ஸ்டிக்கரோ. நேத்தே பார்த்தேன், கடைசி எழுத்து ஜே மாதிரி தெரிஞ்சுது, ஜேல முடியுற விளக்குக் கம்பெனி எதுன்னு ராத்திரி பூரா யோசிச்சிட்டிருந்தேன். திருப்பிட்டா ஜே கடைசியில இல்ல, முதல்ல வரும், அதுவும் ஜே இல்ல, எல்.

நடுராத்திரி | மார்ச் 5, காலை 9.15

எல்லுல ஆரம்பிக்குது, நாலு எழுத்து. LUXO. நான் முதல்லயே சொன்னேன்.

பழைய_திருகு | மார்ச் 5, காலை 9.50

LEDU கூட எல்லுல ஆரம்பிக்கிற நாலு எழுத்துதான் தம்பி.

குறுவிழி | மார்ச் 5, இரவு 10.05

இன்னைக்கு நெகட்டிவை சரியாத் திருப்பி மறுபடி ஸ்கேன் பண்ணேன், 2400 டிபிஐல. படம் கிட்டத்தட்ட 3400 பிக்சல் அகலம் வந்துச்சு. அந்தப் பட்டையை மட்டும் வெட்டிப் பெருசாக்கிப் பார்த்தா மொத்தப் பட்டையே 12 பிக்சல்தான் இருக்கு. நாலு எழுத்துன்னா எழுத்துக்கு மூணு பிக்சல். முதல் எழுத்து எல், அது நிச்சயம், கீழ கோடு தெரியுது. மூணாவது எழுத்து நடுவுல கறுப்பா இருக்கு. கடைசி எழுத்து வட்டமா, மேல திறந்திருக்கான்னு தெரியல. பெருசாக்கித் தர்ற ஆப் ஒண்ணுல போட்டா பளிச்சுன்னு LUXOன்னு வந்துடுச்சு! அப்ப அதுதானே?

பழைய_திருகு | மார்ச் 6, காலை 7.00

அந்த ஆப் சொன்னதை அழிச்சிடுங்கம்மா, கோபமா சொல்லல. மூணு பிக்சல்ல ஓவுக்கும் யுவுக்கும் உள்ள வித்தியாசம் இல்லவே இல்ல, இல்லாததை அது எங்க இருந்து கொண்டு வரும்? தனக்குப் பழக்கமான வடிவத்தை வரைஞ்சு கொடுத்திருக்கும். கொஞ்சம் வேற மாதிரி வெட்டிக் கொடுத்தா வேற எழுத்து வரும், செஞ்சு பாருங்க. நிஜமான விவரம் வேணும்னா நெகட்டிவ்ல இருந்துதான் எடுக்கணும். சாதாரண ஸ்கேனர்ல டிபிஐ எண்ணை ஏத்துனா ஃபைல்தான் பெருசாகும். மேக்ரோ லென்ஸ் வச்ச கேமரா யார்கிட்டயாவது இருந்தா, நெகட்டிவுக்குப் பின்னாடி சீரான வெளிச்சம் வச்சு, அந்த மூலையை மட்டும் கிட்டக்க போட்டோ எடுங்க. அதுக்கும் மேல ஃபிலிமோட கிரெயின் தடுக்கும், அதைத் தாண்ட வழி இல்ல.

அதுவரைக்கும் சும்மா இருக்க வேண்டாம், வேற பக்கத்துல இருந்து நெருக்கலாம். ராத்திரி வந்து எழுதுறேன்.

குறுவிழி | மார்ச் 6, மதியம் 12.40

செஞ்சு பார்த்தேன். ரெண்டு பிக்சல் தள்ளி வெட்டிக் கொடுத்தேன். LEXOன்னு வருது. சரி, அழிச்சிட்டேன்.

பழைய_திருகு | மார்ச் 6, இரவு 9.20

இப்ப தேடலுக்கு வர்றேன். முழுப் படத்தையும் கொடுத்தா மேசை, ஆள், காகிதம் எல்லாம் சேர்ந்து "டிராயிங் மேசை, பழைய காலம்"ங்கற உணர்வுக்குத்தான் ரிசல்ட் வரும். விளக்கை மட்டும் வெட்டிக் கொடுத்தா எல்லா ஸ்பிரிங் விளக்கும் வரும், ஏன்னா எல்லாத்துக்கும் வெளி உருவம் ஒண்ணுதான், ரெண்டு குச்சி ஒரு தொப்பி. கம்பெனிக்குக் கம்பெனி மாறுற இடம் எதுவோ அதை மட்டும் கொடுக்கணும். இதுல மூணு இடம் இருக்கு, முழங்கை மூட்டு, ஷேடு கழுத்துல காத்துப் போற ஓட்டைகள், கிளாம்ப் திருகோட கைப்பிடி. கூகுள் லென்ஸ்ல அந்த வெள்ளைச் சட்டத்தோட மூலையை இழுத்து முழங்கையை மட்டும் அடைச்சேன். உடனே விக்கிற விளம்பரம் குறைஞ்சு, ரிப்பேர் பண்றவங்க கழட்டி வச்சு எடுத்த படங்கள் வர ஆரம்பிச்சது. அவங்க பேரை ஊகிச்சு எழுதறவங்க இல்ல, கைல தகடைப் பார்த்து எழுதறவங்க. ரெண்டு ரிசல்ட் உருப்படியா இருந்துச்சு, ஒண்ணு லக்ஸோ, இன்னொண்ணு லெடு, ரெண்டு மூட்டும் உங்க படத்துக்கு ஒத்து வருது, என்னால பிரிக்க முடியல.

அடுத்தது மொழி. ஸ்வீடன்லயும் நார்வேலயும் வித்த சாமானை இங்கிலீஷ்ல தேடுனா இங்கிலீஷ்ல விக்கிறவர் வச்ச பேர்தான் திரும்ப வரும். அவங்க ஊர்ல அவங்க பேச்சுல இதுக்கு "ஆர்க்கிடெக்ட் விளக்கு"ன்னு அர்த்தம் வர்ற பேர். படத் தேடலோட சேர்த்து இதையும் டைப் பண்ணிப் பாருங்க:

```
arkitektlampa LEDU
arkitektlampe LUXO
Architektenlampe klemme -anglepoise
```

முதலாவது ஸ்வீடிஷ், ரெண்டாவது நார்வே, மூணாவது ஜெர்மன். கடைசியில அந்தக் கழித்தல் குறி முக்கியம், நம்மள மூணு நாளா சுத்த வச்ச பேரை அது வெளிய தள்ளிடும். ஆனா குறிக்கும் சொல்லுக்கும் நடுவுல இடம் விடக் கூடாது.

வழிப்போக்கன் | மார்ச் 6, இரவு 10.02

ஐகியாவோடதா இருக்க வாய்ப்பில்லையா? எனக்கு வந்த முதல் ரிசல்டே டெர்டியல்தான், பார்க்க அப்படியே இருக்கு.

பழைய_திருகு | மார்ச் 6, இரவு 10.25

இன்னைக்குக் கடையில விக்கிற பொருள்ங்கறதால முன்னாடி வருது, நாப்பது வருஷம் முந்தின போட்டோவுக்கு அது சாட்சி ஆகாது. ஆனா சந்தேகம் நியாயமானது. அவங்க மியூசியம் வெப்சைட்ல 1950ல இருந்து 2021 வரைக்கும் எல்லா கேட்லாக்கும் பக்கம் பக்கமா ஸ்கேன் பண்ணி வச்சிருக்காங்க. 1980, 81, 82, 83 நாலையும் எடுத்து விளக்குப் பக்கத்தைப் புரட்டுங்க. பொருள் இருக்கான்னு பார்க்கறதை விட அந்த வருஷத்துல இருந்துச்சான்னு பார்க்கறது பெரிய வடிகட்டி. யாராவது பார்த்துச் சொன்னா நல்லது, என் கண்ணுக்கு அவ்வளவு பக்கம் தாங்காது.

வழிப்போக்கன் | மார்ச் 6, இரவு 10.30

நான் பார்க்குறேன். இதுவரைக்கும் உருப்படியா ஒண்ணும் சொல்லல, இதையாவது செய்யுறேன்.

நடுராத்திரி | மார்ச் 7, காலை 1.10

சைஸ் வச்சுப் பிரிக்கலாமே. மேசையில ஏ4 பேப்பர் கிடக்கு, நீளம் 297 மில்லிமீட்டர். படத்துல பேப்பர் நீளத்தை அளந்தேன், ஷேடு வாயை அளந்தேன், கணக்குப் போட்டா ஷேடு 21 சென்டிமீட்டர் வருது. அவ்வளவு பெரிய ஷேடு எல்-1ல கிடையாதுன்னு தோணுது. அப்ப நான் சொன்னதை நானே வாபஸ் வாங்குறேன்.

பழைய_திருகு | மார்ச் 7, காலை 6.55

வாபஸ் வாங்க வேண்டாம் தம்பி, முயற்சி நல்ல முயற்சி, அளவுகோல்தான் தப்பான இடத்துல இருக்கு. பேப்பர் மேசையில படுத்திருக்கு, அதுவும் சாஞ்ச கோணத்துல. ஷேடு கேமராவுக்கு ரொம்பக் கிட்ட. கிட்ட இருக்குறது பெருசாத் தெரியும், அதனால 21ங்கறது கூடுதலா வந்த கணக்கு. ஷேடு இருக்குற அதே தூரத்துல, அளவு தெரிஞ்ச பொருள் வேணும். இருக்கே! ஷேடுக்குள்ள பல்பு பாதி தெரியுது. சாதாரண குண்டு பல்போட அகலம் 60 மில்லிமீட்டர். ஷேடு வாய் பல்பை விட 2.8 மடங்கு. கிட்டத்தட்ட 17 சென்டிமீட்டர்.

இப்ப அந்த 17 என்ன சொல்லுதுன்னா, பெருசா ஒண்ணும் சொல்லல. டெர்டியல் ஷேடே 17தான். இந்தக் குடும்பத்துல பாதி விளக்கு அந்த அளவுக்குப் பக்கத்துலதான் வரும். ரொம்பப் பெரிய பட்டறை விளக்கும் இல்ல, சின்ன படுக்கை விளக்கும் இல்லன்னு கழிக்கலாம், அவ்வளவுதான். பல்பு குண்டு பல்பா இல்லாம வேற வகையா இருந்தா இந்தக் கணக்கும் போச்சு.

நடுராத்திரி | மார்ச் 7, காலை 9.40

பல்பு யோசனை எனக்கு வரவே இல்ல. சரி, லக்ஸோன்னு மறுபடி சொல்லல, ஆனா மனசுல இருக்கு.

வழிப்போக்கன் | மார்ச் 8, மாலை 4.30

நாலு வருஷ கேட்லாக்ல ரெண்டு முடிச்சாச்சு. டெர்டியல்ங்கற பேர் இதுவரைக்கும் என் கண்ணுல படல. ஆனா ஒவ்வொரு பக்கமா கண்ணால பார்க்கிறதுதான், தவறியிருக்கலாம். மீதியை இந்த வாரம் பார்க்குறேன்.

குறுவிழி | மார்ச் 9, இரவு 11.15

நிறைய எழுத இருக்கு, பொறுத்துக்கோங்க.

சித்தப்பா பையன்கிட்ட மேக்ரோ லென்ஸ் இருக்கு, ஞாயித்துக்கிழமை போய் எடுத்தோம். டேப்லெட்ல வெள்ளைத் திரை வச்சு அது மேல நெகட்டிவ், ஆனா திரையோட புள்ளியெல்லாம் படத்துல விழுந்துச்சு, அப்புறம் நடுவுல கொஞ்சம் இடைவெளி விட்டுத் தூக்கிப் பிடிச்சதும் சரியாச்சு. பட்டை இப்ப 40 பிக்சலுக்கு மேல வருது, ஆனா பழைய_திருகு ஐயா சொன்ன மாதிரியே கிரெயின் மணல் மாதிரி வந்து நிக்குது. முதல் எழுத்து எல். மூணாவது எழுத்துல குறுக்குக் கோடு போற மாதிரி எனக்குத் தெரியுது, அவனுக்கு அது வயிறு வச்ச எழுத்தாத் தெரியுது. எக்ஸா டியா. கடைசி எழுத்தோட மேல்பக்கம் சரியா ஷேடோட பளபளப்புல கரைஞ்சு போச்சு. ரெண்டாவது எழுத்தும் தெளிவா இல்ல. நாலு எழுத்துல நமக்கு வேண்டிய மூணுதான் தெரியல.

ஆனா அதே கீற்றுல பக்கத்து ஃபிரேமை இத்தனை நாளா நான் பார்க்கவே இல்ல, அதுல ஆள் யாரும் இல்ல, வெறும் மேசைன்னு விட்டுட்டேன். அதுல விளக்கு அப்படியே திரும்பி நிக்குது! முழங்கை மூட்டு பின்பக்கத்துல இருந்து தெரியுது, கிளாம்ப் முழுசாத் தெரியுது. கிளாம்ப் திருகு பட்டாம்பூச்சி மாதிரி ரெண்டு இறக்கை இல்ல, குறுக்கே ஒரு கம்பி போட்டது. ஷேடு கழுத்துல காத்து ஓட்டை வட்டம் இல்ல, நீளவாட்டுல கீத்துப் போட்ட மாதிரி. மூட்டையும் கிளாம்பையும் தனித்தனியா வெட்டி, மேல எழுதுன ஸ்வீடிஷ் சொல்லோட சேர்த்துத் தேடினேன். கம்பி போட்ட திருகு இருக்குற விளக்கு அஞ்சு கிடைச்சுது. அதுல மூணுக்கு விக்கிறவர் எழுதுன பேர் மட்டும்தான், தகடு தெரியல, அதை ஒதுக்கிட்டேன். தகடு படத்துலயே தெரியுறது ரெண்டு. ரெண்டும் லெடு.

ரெண்டுதானேன்னு எனக்கே தோணுது. அதுவும் அந்த ரெண்டு போட்டோவையும் டின்ஐல போட்டுப் பார்த்துட்டேன், வேற வேற ஆளுங்க வேற வேற மேசையில எடுத்தது.

பழைய_திருகு | மார்ச் 10, காலை 7.10

பக்கத்து ஃபிரேமைப் பார்க்கச் சொல்ல எனக்குத் தோணலயேம்மா, நல்ல வேளை நீங்களே பார்த்தீங்க.

லெடு பக்கம் சாயுது, ஒத்துக்கறேன். ஆனா நான் முதல் நாள் சொன்னது கிளாம்புக்கும் பொருந்தும், அது தனி உருப்படி, மாத்தியிருக்கலாம். லக்ஸோ விளக்கை யாரோ லெடு கிளாம்புல சொருகியிருந்தா? இதைத் தீர்க்கறது ஷேடு கழுத்துதான், ஏன்னா அது கழட்டி மாத்துற பொருள் இல்ல. நீங்க சொன்ன அந்த ரெண்டு லெடுல கழுத்து ஓட்டை எப்படி இருக்கு?

குறுவிழி | மார்ச் 10, மதியம் 1.45

ஒண்ணுல கீத்து, அப்பாவோடது மாதிரியே. இன்னொண்ணு எடுத்த கோணத்துல கழுத்து மறைஞ்சிருக்கு. விக்கிறவருக்கு மெசேஜ் போட்டிருக்கேன், ஷேடை மேல இருந்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லி.

நடுராத்திரி | மார்ச் 10, இரவு 11.55

அக்கா, எல்-1 ஷேடுலயும் கீத்து இருக்குன்னு ஞாபகம், ஆனா எத்தனைன்னு தெரியல. கீத்து இருக்கா இல்லையான்னு பார்க்காம எத்தனை கீத்துன்னு எண்ணுங்க. உங்க ஃபிரேம்ல எண்ண முடியுதா?

குறுவிழி | மார்ச் 11, காலை 6.30

தெரியுற பக்கத்துல நாலு. மறைஞ்ச பக்கமும் அதே இடைவெளின்னா மொத்தம் எட்டு.

தேன்சிட்டு | மார்ச் 11, காலை 8.05

என் தோழி ஒருத்தி வீட்டு பட்டறையில லக்ஸோ ஒண்ணு இருக்கு, தகடோட. இன்னைக்கு சாயங்காலம் போறேன், மேல இருந்து படம் எடுத்து எண்ணிட்டு வர்றேன். கிளாம்பையும் கழட்டி எடுக்கவா?

பழைய_திருகு | மார்ச் 11, காலை 8.20

எடுங்க. முளையோட விட்டத்தையும் அளந்துக்கோங்க. கழட்டும்போது கையை ஒருத்தர் பிடிச்சுக்கட்டும், ஸ்பிரிங் இழுவிசையில இருக்கு, விட்டா மேல துள்ளி முகத்துல அடிக்கும்.